பாப்பாக்கு பேர் வச்ச கதையும், வீட்டோட செய்யணும்னா எப்படி செய்யலாம்ங்கிறதும்

போன ஞாயித்துக்கிழம எங்க பொண்ணுக்கு பேர் வச்சோம். மண்டபம்லாம் இல்ல, பழைய வண்ணாரப்பேட்டைல அம்மா வீட்டு ஹால்லயே, சொந்தத்துல நெருக்கமானவங்க மட்டும் இருபத்தஞ்சு பேர். போட்டோ பாத்துட்டு மூணு நாலு பேர் "எப்படி பண்ணீங்க, என்னல்லாம் வாங்கினீங்க"ன்னு கேட்டாங்க, தனித்தனியா சொல்ல நேரமில்ல, பால் குடுக்குறதுக்கு நடுவுல ஒத்தக் கையால டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த பங்க்ஷன்ல எல்லாரும் முகூர்த்த நேரத்த வச்சு தான் பிளான் போடுவாங்க, நாங்க பாப்பாவோட பசிய வச்சு போட்டோம். பொறந்து ஒரு மாசமான குழந்தை ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவ பால் கேக்கும். அதுக்கு நடுவுல முழிச்சு, அழாம, நல்ல மூட்ல இருக்கிறது முக்கா மணி நேரம் இருந்தாலே அதிகம். அந்த முக்கா மணிக்குள்ள தொட்டில், பேர், ஆரத்தி எல்லாம் முடியணும். மீதி சாப்பாடு, பேச்சு, சண்டை எல்லாம் அவ தூங்கும்போது நடக்கலாம்.

நாள் எண்றதுல வந்த குழப்பம்

சில வீட்டுல பதினொண்ணாவது நாள், சில வீட்டுல பதினாறு, எங்க வீட்டுல முப்பது. பாப்பா பொறந்தது விடிகாலை மூணே முக்காலுக்கு. ஆஸ்பத்திரி பேப்பர்ல அந்த தேதி தான் இருக்கும், ஏன்னா அவங்களுக்கு நாள் ராத்திரி பன்னெண்டுக்கு மாறிடும். ஆனா பஞ்சாங்கத்துக்கு சூரியன் உதிக்கிறப்ப தான் நாள் மாறும், அதனால அய்யர் முந்தின நாள்ல இருந்து எண்ணினாரு, மாமியார் பேப்பர பாத்து எண்ணினாங்க, ஒரு நாள் இடிச்சிது. விடிகாலைல பொறந்த குழந்தைன்னா இத மொதல்லயே கேட்டு வச்சுக்கோங்க, பத்திரிகை அடிச்சப்புறம் தெரிஞ்சா கஷ்டம். பொறந்த நாளையே ஒண்ணுன்னு எண்ணணும், அது வேற மறக்கக்கூடாது.

நட்சத்திரம் அப்படி இல்ல, அது பொறந்த நிமிஷத்துல எது ஓடுதோ அது தான். எங்களுக்கு மகம். மகத்துக்கு ம, மி, மு, மே.

அய்யர் கணக்குப்படி முப்பதாவது நாள் ஞாயித்துக்கிழம வந்துது, நல்லதா போச்சு. ஞாயிறு எமகண்டம் பன்னெண்டுல இருந்து ஒண்ணரை, ராகு காலம் நாலரைல இருந்து ஆறு, ரெண்டுமே காலைல இல்ல. காலண்டர்ல ஏழரை எட்டரை நல்ல நேரம்னு போட்டிருந்துச்சு, வெயில் ஏற்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு அதையே புடிச்சிகினோம். இன்னொரு கணக்கும் இருக்கு, ஒன்றரை மாசத்துல தடுப்பூசி போடுவாங்க, அது போட்ட அன்னிக்கும் மறுநாளும் காய்ச்சல் வரலாம், குழந்தை நச நசன்னு இருக்கும். நாள் தள்ளிப்போட்டு வைக்கிறவங்க அந்த ரெண்டு மூணு நாள விட்டுட்டு பாருங்க.

பேர் முடிவு பண்ணது

இதுல தான் பாதி மாசம் போச்சு. நானும் அவரும் மகிழினின்னு கல்யாணத்துக்கு முன்னாடியே பேசி வச்சிருந்தோம், மகம் வந்ததும் எங்களுக்கே ஆச்சரியம். நாத்தனாருக்கு மித்ரா புடிக்கும். எங்க ஆயாவுக்கு, அதான் அம்மாவோட அம்மா, குலதெய்வம் பேர் தான் வைக்கணும், பெரியபாளையத்தம்மாவுக்கு வேண்டிகினு பொறந்த புள்ளைன்னு ஒரே புடி. சண்டைய தீர்த்தது பழைய வழக்கம் தான், காதுல ஒரு பேர் மட்டும் சொல்லணும்னு யாரும் சொல்லல, மூணு பேர் சொல்லலாம். குலதெய்வத்துக்கு பவானி, மாமனார் வழில தவறிப்போன பாட்டிக்காக கன்னியம்மா, கூப்பிட மகிழினி. மித்ரா தான் அவுட். நாத்தனார் ரெண்டு நாள் மொகம் தூக்கி வச்சிருந்தாங்க, அப்புறம் பேர் சொல்றதே அத்தை தான்னு ஞாபகப்படுத்தினதும் சரியாயிட்டாங்க.

எழுத்தப் பத்தி ஒண்ணு. நம்ம ஏரியால ழ நாக்குல ஏறாது, வாழப்பழமே வாயப்பயம் தான். ஆயா இப்பவே "மகியினி"ன்னு தான் கூப்பிடுது. அதுல தப்பில்ல, ஆனா இங்கிலீஷ்ல எழுதும்போது எப்படின்னு அன்னிக்கே முடிவு பண்ணிடுங்க, அத கடைசில சொல்றேன்.

தொட்டில்

இது தான் நான் ரொம்ப எழுத நினைக்கிற விஷயம், ஏன்னா எங்க வீட்டுல ஒரு நிமிஷம் எல்லாருக்கும் மூச்சு நின்னுச்சு.

ஹால்ல சீலிங்ல எனக்கு தொட்டில் கட்டின அதே கொக்கி இருக்கு. முப்பது வருஷத்து கொக்கி. மொத வேலையா மாமா, என் தம்பி தான், ஸ்டூல் போட்டு ஏறி துரு புடிச்சிருக்கா, சுத்தி சிமெண்ட் விரிசல் இருக்கான்னு பாத்தான். கைல புடிச்சு தொங்கியும் பாத்தான். கொக்கி ஆடினாலோ பூச்சு உதிர்ந்தாலோ அத விட்டுடுங்க, இரும்பு ஸ்டாண்டு தொட்டில் வாடகைக்கே கெடைக்குது, வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கும் அது தான் லாயக்கு.

துணி விஷயத்துல தான் கோட்டை விட்டோம். போட்டோக்கு நல்லா இருக்கும்னு பெரியம்மா ஒரு புது பட்டுப்புடவை கொண்டாந்தாங்க, அரக்கு கலர்ல ஜரிகை வச்சது, பாக்க அவ்ளோ அழகு. அத ரெண்டா மடிச்சு கயித்துல முடிச்சு போட்டாங்க. எங்க வழக்கத்துல குழந்தைய போடுறதுக்கு முன்னாடி குழவிக்கல்ல தான் தொட்டில்ல போடணும். அம்மிக் குழவிய கழுவி, மஞ்சள் குங்குமம் வச்சு, துணில சுத்தி, பாப்பா மாதிரியே தூக்கி தொட்டில்ல போட்டு மூணு தடவ ஆட்டுவாங்க. குழந்தை கல்லு மாதிரி ஆயுசோட கெட்டியா இருக்கணும்னு அர்த்தம் சொல்லுவாங்க. போட்டு ரெண்டாவது ஆட்டு தான், முடிச்சு சர்ர்ர்னு வழுக்கி தொட்டில் ஒரு பக்கமா ஒரு சாண் எறங்கிடுச்சு, குழவி உருண்டு ஓரத்துக்கு வந்து நின்னுது. கீழ விழல. ஆனா அது பாப்பாவா இருந்தா?

பட்டு வழுக்கும், சிந்தெடிக் அதவிட வழுக்கும், புதுசுல கஞ்சி வேற இருக்கும். முடிச்சு எறுகாது, எடை ஏற ஏற நழுவிகினே வரும். பத்து தடவ தொவைச்ச பழைய காட்டன் புடவை தான் தொட்டிலுக்கு. நூல் மெத்துன்னு ஆயிருக்கும், முடிச்சு கடிச்சிகினு நிக்கும். அம்மாவோட பழைய சுங்குடிய எடுத்து கட்டினோம், பட்ட அது மேல சும்மா சுத்தி விட்டோம், போட்டோல வித்தியாசமே தெரியல.

குழவி போடுறது சடங்கு தான், ஆனா எங்க பாட்டிங்க சும்மா செய்யலன்னு அன்னிக்கு தான் புரிஞ்சிது, அது தொட்டில சோதிக்கிற வேலை. ஆனா கல்லு சின்னதா இருந்தா பத்தாது. எங்க பாப்பா நாலு கிலோ சொச்சம். பங்க்ஷனுக்கு முந்தின நாளே பத்து கிலோ அரிசி மூட்டைய தொட்டில்ல போட்டு பத்து நிமிஷம் ஆட்டிப் பாருங்க. முன்னாடி துணி தரைல இருந்து எவ்ளோ உயரம்னு அளந்துக்கோங்க, அப்புறமும் அளங்க. துணி இழுத்து ஒரு விரக்கடை எறங்கிச்சுன்னா பரவால்ல, அதுக்கு மேல எறங்கினா முடிச்சு நழுவுதுன்னு அர்த்தம், அவுத்து திருப்பி கட்டணும். தரைல இருந்து ரெண்டு சாண் உயரம் போதும், கீழ மடிச்ச மெத்தை ஒண்ணு போட்டுடுங்க.

தொட்டில் கட்டைய மறக்காதீங்க. புடவையோட ரெண்டு பக்கத்தையும் விரிச்சு வைக்க குறுக்க ஒரு கட்டை போடுவாங்கல்ல, அது இல்லன்னா துணி வந்து குழந்தை மொகத்த மூடிடும். அதோட துணித் தொட்டில்ல குழந்தை வளைஞ்சு படுக்கும், தாடை நெஞ்சுல முட்டிச்சுன்னா மூச்சு விட கஷ்டம். அதனால சடங்குக்கு அஞ்சு நிமிஷம், பக்கத்துல ஒருத்தர் மொகத்தப் பாத்துகினே இருக்கணும், தூங்கினா எடுத்து கட்டில்ல மல்லாக்க படுக்க வச்சிடணும். ராத்திரி முழுக்க புடவைத் தொட்டில்ல போடுறது வேணாம்னு குழந்தை டாக்டரும் சொன்னாங்க.

அன்னிக்கு காலைல

அஞ்சு மணிக்கு பாப்பா பால் குடிச்சா. ஆறரைக்கு ஆயா குளிப்பாட்டினாங்க, வெதுவெதுப்பு தண்ணி. பால் குடிச்ச ஒடனே குளிப்பாட்டினா கக்கிடும், அதான் இந்த இடைவெளி. சாம்பிராணி வேணவே வேணாம்னு நான் ஒரே முட்டா நின்னேன், ஒரு மாச நெஞ்சு அந்த புகைய தாங்காது. ஆயா கோச்சிகினு "உன்ன இன்னா காட்டாமயா வளர்த்தேன்"னு கேட்டுச்சு, அப்புறம் ஹால்ல யாரும் இல்லாதப்ப ஜன்னல தெறந்து வச்சு சாமி படத்துக்கு மட்டும் காட்டிட்டு வந்துச்சு. ஹோமமும் அதே காரணத்துக்காக வைக்கல, அய்யர் கலசம் வச்சு புண்ணியாவாசனம் மட்டும் பண்ணி வீடு பூரா மாவிலைல தண்ணி தெளிச்சாரு. ஏழு மணிக்கு திருப்பி வயிறு நெறைய பால். ஏழே முக்காலுக்கு ஹாலுக்கு தூக்கிகினு வந்தோம்.

எனக்கு சிசேரியன். மணைல சம்மணம் போட்டு உக்கார சொன்னாங்க, முடியாதுன்னுட்டேன். சேர்ல உக்காந்தேன், கால் கீழ மணை. தையல் போட்டவங்க தயவுசெஞ்சு யாருக்காகவும் கீழ உக்காந்து எந்திரிக்காதீங்க.

வாசல்ல ஒரு பக்கெட் தண்ணி, சோப்பு, துண்டு வச்சு, கை கழுவிட்டு தான் உள்ளன்னு மாமனார நிக்க வச்சோம். நாங்க சொன்னா "ரொம்ப பண்றா"ம்பாங்க, அவர் சொன்னா ஒருத்தரும் பேசல. சளி இருமல் இருக்கிறவங்களுக்கு முந்தின நாளே போன் பண்ணி "அப்புறமா தனியா வந்து பாருங்க"ன்னு சொல்லிட்டோம். ஒரு சித்தி வருத்தப்பட்டாங்க தான்.

பேர் வச்ச வரிசை

குத்துவிளக்கு ஏத்தி, மஞ்சள் பிள்ளையார் புடிச்சு, தாம்பாளத்துல பச்சரிசி பரப்பி வச்சோம். ஒண்ணரை கிலோ அரிசி ஆச்சு, விரலால எழுதினா அடி தெரியாம இருக்கணும், அதான். அரைஞாண் கயிறு மொதல்ல, கருப்பு கயிறு, எங்க அத்தை கட்டினாங்க. ரெண்டு விரல் உள்ள போற மாதிரி லூசா இருக்கணும், பால் குடிச்சா வயிறு உப்பும்ல. அப்புறம் தாய்மாமன் சீர், தம்பி சவுகார்பேட்டைல வாங்கின வெள்ளிக் கொலுசும் எம்.சி. ரோட்டுல எடுத்த பாவாடை சட்டையும். பாவாடைய போட்டோக்கு மேல வச்சு காட்டினோம், ஜரிகை குத்தும், உள்ள காட்டன் ஜப்லா தான்.

அடுத்து அவர் தங்க மோதிரத்தால அரிசில பேர் எழுதினாரு. ம எழுதி, கி எழுதி, அடுத்து லி போட்டுட்டாரு. எம்.காம் படிச்சவரு. கூட்டமே சிரிக்குது, அரிசிய நிரவிட்டு திருப்பி எழுதினாரு. அதுக்கப்புறம் வலது காதுல அப்பா மூணு தடவ, அத்தை மூணு தடவ, மூணு பேரையும் சொன்னாங்க. கத்தக்கூடாது, காத கையால மறைச்சு மெதுவா. பின்னாடி யாரோ கை தட்ட போனாங்க, அய்யரே "உஷ்"னுட்டாரு. அப்புறம் தொட்டில்ல போட்டு தாலாட்டு, அத்தைக்கு பதில் சீரா புடவை, முடிஞ்சுது. எட்டு இருபதுக்கு கொட்டாவி விட்டா, எட்டரைக்கு தூங்கிட்டா.

சேனை வைக்கிறதப் பத்தி மட்டும் விளக்கமா சொல்றேன். பெரியவங்க விரல்ல தேனோ சக்கரத் தண்ணியோ தொட்டு நாக்குல வைப்பாங்க, அவங்க குணம் வரும்னு நம்பிக்கை. தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது. அதுல இருக்கிற ஒரு கிருமியோட வித்து சின்னக் குழந்தை குடல்ல முளைச்சு விஷத்த உண்டாக்கும், ஒடம்பு தொவண்டு போயி பால் உறிஞ்சக்கூட தெம்பு இருக்காது. காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது, அதனால சுத்தமான தேன், கொல்லிமலைத் தேன்னெல்லாம் பேச்சே இல்ல. ஆறு மாசம் வரை தாய்ப்பால் தவிர தண்ணியும் வேணாம். ஆனா ஆயாவுக்கு ஆசை, எண்பத்திரெண்டு வயசு, எப்படி வேணாம்னு சொல்ல. நான் கொஞ்சம் பால் பீய்ச்சி கொதிக்க வச்ச வெள்ளிப் பாலாடைல குடுத்தேன், ஆயா அதுல இருந்து மூணு சொட்டு வாயில விட்டுச்சு. சடங்கும் ஆச்சு, பாப்பா சப்புக் கொட்டினா. இது ஒண்ணு தான் அன்னிக்கு ஆயா என்ன பாராட்டினது.

வசம்பு வளையலும் கைல போடல, வாயில வச்சு அந்த நூலு அறுந்தா மணி தொண்டைக்கு போயிடும், தொட்டில் கட்டைல கட்டிட்டோம். மை கண்ணுக்குள்ள இல்ல, உள்ளங்கால்ல ஒரு பொட்டு. ஆரத்தி சுத்தும்போது கற்பூரம் ஏத்தாம மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணி மட்டும் சுத்தி தெருமுனைல ஊத்தினாங்க.

காப்பரிசி

டிபன் வெளிய சொல்லிட்டோம், இட்லி வடை சக்கரப்பொங்கல். காப்பரிசி மட்டும் அம்மா வீட்டுல செஞ்சாங்க, தெரு பசங்களுக்கெல்லாம் குடுக்கணும்ல. அரை கிலோ பச்சரிசிய ஒரு மணி நேரம் ஊற வச்சு, துணில நல்லா ஒலத்தி, வெறும் சட்டில பொரியற வரைக்கும் வறுக்கணும். ஈரம் இருந்தா பொரியாது, கடிச்சா பல்லு தான் போகும். தேங்கா பல்லு, எள்ளு, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை தனியா வறுத்துக்கணும். அரை கிலோ வெல்லத்த கரைச்சு வடிகட்டி கெட்டி பாகு காய்ச்சி எல்லாத்தையும் கொட்டி கெளறி எறக்கிடணும். தண்ணில ஒரு சொட்டு பாகு விட்டா உருட்ட வரணும், அது தான் பதம்.

பர்த் சர்டிபிகேட்

கடைசில சொல்றேன்னு சொன்னது இது. பொறப்ப 21 நாளுக்குள்ள பதியணும், அத ஆஸ்பத்திரியே அனுப்பிடும். அப்ப பேர் முடிவாகலன்னா பேர் எடத்த காலியா விட்டே பதியலாம், பதட்டப்பட்டு ஏதோ ஒரு பேர் குடுத்துடாதீங்க. பதிஞ்சதுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள பேர் சேத்தா கட்டணம் இல்ல, அதுக்கப்புறம்னா தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேக்கலாம். ஆனா ஒரு தடவ ஏத்திட்டா எழுத்துப்பிழை திருத்தலாமே தவிர, மனசு மாறிடுச்சுன்னு பேர மாத்துறது லேசு இல்ல. 2023 அக்டோபர் 1ல இருந்து பொறந்த குழந்தைங்களுக்கு பொறந்த தேதிக்கு இது தான் ஆதாரம், ஸ்கூல், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும்.

இன்னொண்ணு, நம்ம வீடு இருக்கிற மண்டலம் இல்ல, குழந்தை பொறந்த எடம் எந்த மண்டலத்துல வருதோ அங்க தான் பதிவு இருக்கும். எங்க வீடு தண்டையார்பேட்டை மண்டலம்னே வச்சுக்குங்க, ஆஸ்பத்திரி ராயபுரம் மண்டலத்துல இருந்தா ராயபுரம் தான் போகணும். இது தெரியாம அவர் ஒரு அரை நாள் லீவ வீணாக்கினாரு.

ஸ்பெல்லிங்குக்கு நாங்க ஒரு பேப்பர்ல மூணு விதமா எழுதி வச்சு பாத்தோம், Magizhini, Mahizhini, Makilini. மூணாவத ஊருக்கு வெளிய யார் படிச்சாலும் மகிலினின்னு தான் வரும், அது வேணாம். ரெண்டாவதுல எச் ரெண்டு தடவ வருது, போன்ல சொல்லும்போது ஒண்ண விட்டுடுவாங்க. மொத ஸ்பெல்லிங்க முடிவு பண்ணி, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து அதையே பார்மோட பின் பண்ணி குடுத்தாரு. கவுண்டர்ல இருந்தவங்க டைப் பண்ணிட்டு ஸ்கிரீன திருப்பி காட்டினாங்க, இங்கிலீஷ் சரியா இருந்துச்சு, தமிழ்ல மகிளினி. நல்லவேளை சேவ் பண்றதுக்கு முன்னாடி பாத்தோம், ழி போட சொல்லி மாத்திட்டு தான் வந்தாரு. பாத்தீங்களா, ஆயா மட்டும் இல்ல.